கம்பி விலையும் பத்து சதவீதமும்

“கம்பி விலை ஏறிடுச்சு சார், மொத்தத் தொகையில பத்து சதவீதம் கூட்டிக் கொடுங்க” என்றார் ஒப்பந்ததாரர் இன்று காலை.

கம்பி 25 சதவீதம் ஏறியது உண்மைதான். ஆனால் வீடு முழுக்கக் கம்பி இல்லையே!

ஒப்பந்தத்தை எடுத்துக் கணக்குப் போட்டோம். மொத்தச் செலவு நூறு பங்கு என்றால் கம்பி 16. அது 25 சதவீதம் ஏறினால் கூடுவது 4 பங்கு.

கையெழுத்திட்ட நாளின் விலைதான் அடிப்படை, முதல் 5 சதவீத ஏற்றம் அவர் பொறுப்பு என்று எழுதியிருந்தோம். மீதி 20 சதவீதத்துக்கு 3.2 பங்கு. அதிலும் பாதிக் கம்பி பழைய விலையிலேயே வாங்கிக் கட்டியாகிவிட்டது. ஆக, நான் தர வேண்டியது 1.6 பங்கு.

விலை இறங்கினால் இதே கணக்கில் எனக்குக் கழிவு. இந்த வரியைச் சேர்க்கத்தான் அன்று நிறைய வாதாட வேண்டியிருந்தது.

எதிர்பாராச் செலவுக்கென ஒதுக்கியிருந்த 8 பங்கிலிருந்து அதைக் கொடுத்து, மீதிக் கம்பியை இப்போதே வாங்கச் சொல்லிவிட்டேன். மரக்கட்டைமேல் அடுக்கி, மழை படாமல் மூடினால் தாங்கும்.

சிமெண்டை மட்டும் அப்படி வாங்கக் கூடாது. மூட்டையிலேயே மூன்று மாதம் தாண்டினால் வலு குறையத் தொடங்கிவிடும்.