தங்கை கல்யாண ஹைலைட்ஸ்: விவரக்குறிப்பில் நான் விட்ட தவறுகள்

தங்கையின் கல்யாண ஹைலைட்ஸை வெளிநாட்டுச் சொந்தங்களுக்காக யூடியூபில் ஏற்றினேன். வீடியோ நன்றாகவே வந்திருந்தது, என்னை அலைக்கழித்ததெல்லாம் அதன் கீழே எழுதிய விவரக்குறிப்புதான்.

முதலில் Private என்று வைத்தேன். நாம் அழைத்தவர்கள் கூகுள் கணக்கில் நுழைந்தால்தான் அது திறக்கும் என்பதால் அத்தைக்குத் திறக்கவே இல்லை. சரி என்று Unlisted-க்கு மாற்றினேன். அப்புறம் அத்தையே கூப்பிட்டார்: "ஏன்டா, சடங்கு எங்கே வருதுன்னு தள்ளித் தள்ளிப் பார்க்கவேண்டியிருக்கே?" நேரக் குறிப்புகள் நீலமாக, தொட்டால் தாவுகிற மாதிரிதான் இருந்தன, ஆனால் வீடியோவின் கோட்டில் அத்தியாயப் பிரிவு விழவில்லை. தலைப்பு அட்டைக்கு அத்தியாயம் எதற்கு என்று நான் 0:12-இலிருந்து தொடங்கியிருந்தேன், அதுதான் காரணம். முதல் வரி 0:00 ஆகவே இருக்கவேண்டும், குறைந்தது மூன்று குறிப்புகள் ஏறுவரிசையில் வேண்டும், ஒவ்வொரு பகுதியும் 10 விநாடிக்குக் குறையக்கூடாது. ஒரு வரி சேர்த்ததும் பிரிவுகள் வந்துவிட்டன.

பெரிய தவறு அதற்கு அப்புறம்தான் தெரிந்தது. Unlisted என்றால் தேடலில் வராது, அவ்வளவுதான். இணைப்பு கையில் இருக்கும் யாரும் பார்க்கலாம், அனுப்பலாம். யாரோ ஒருவர் எனக்கே அதை வேறொரு குழுவிலிருந்து அனுப்பினார், திறந்தால் மேலேயே இரு வீட்டார் முழுப்பெயர், ஊர், தேதி எல்லாம் நான் எழுதினபடி. வயிற்றைக் கலக்கியது. போதாததற்கு 1:05-இல் அழைப்பிதழ் 14 விநாடி நெருக்கத்தில் நிற்கிறது, அப்பாவின் போன் எண்ணும் வீட்டு முகவரியும் நிறுத்திப் படிக்கிற அளவுக்குத் தெளிவு.

உடனே Private ஆக்கினேன், விவரங்களை அழித்தேன், யூடியூபின் எடிட்டரிலேயே அந்த 14 விநாடியை வெட்டினேன். மறுபடி ஏற்றினால் இணைப்பு மாறிவிடும், உள்ளேயே வெட்டினால் மாறாது. வெட்டு செயலாகி முடிய நேரம் பிடிக்கும், அதுவரை பழைய வீடியோதான் ஓடும், அதனால் முடியும்வரை திறந்துவிடாதீர்கள். வெட்டின இடத்துக்குப் பின்னால் வரும் எல்லா நேரமும் 14 விநாடி முன்னால் வந்துவிட்டது, அதை நாமேதான் திருத்தவேண்டும். 1:40-இல் இருந்த சடங்கு 1:26 ஆனது. கடைசியில் நின்றது இது:

```
எங்கள் வீட்டுக் கல்யாணம்
சொந்தங்களுக்கு மட்டும், வெளியே அனுப்பவேண்டாம்

0:00 தொடக்கம்
0:12 மணமக்கள் வருகை
1:26 சடங்கு
4:11 பெரியவர்கள் வாழ்த்து
6:36 குடும்பப் படங்கள்
```

அத்தியாயத் தலைப்பிலும் யார் பெயரும் போடவில்லை. கருத்துப் பகுதியையும் மூடிவிட்டேன், வாழ்த்துகிற ஆசையில் யாராவது அங்கே முழுப்பெயரை எழுதிவிடுவார்கள். வெட்டு முடிந்ததும் மறுபடி Unlisted ஆக்கினேன். மறுநாள் அதே இணைப்பில் அத்தை 4:11-ஐத் தொட்டு, வாழ்த்துகிற வரிசையில் பாட்டியைப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டார்.