எட்டு வீட்டுக்கு எட்டுப் பெட்டி

பிப்ரவரி 6

மதுரை செல்லூரில் ஒரு மகளிர் குழுக் கூட்டத்தில் பேச இடம் கொடுத்தார்கள். எங்கள் சோப்பையும் எண்ணெயையும் வீட்டிலிருந்தபடியே விற்க ஆள் வேண்டும் என்று சொல்லிவிட்டு, என்ன பொருள், என்ன விலை, விற்றால் 25 சதவீதம் கமிஷன் என்று விளக்கினேன். பொருளின் தரத்தைப் பற்றி யாரும் வாயைத் திறக்கவில்லை. முதல் கேள்வி, "சேர எவ்வளவு கட்டணும்?" அடுத்தது, "விக்காட்டி யார் தலையில விழும்?"

இரண்டாவதாகக் கேட்ட அக்காவின் வீட்டுக்குப் பிறகு போனேன். கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு அட்டைப்பெட்டியை இழுத்துக் காட்டினார். எந்தக் கம்பெனி என்று இங்கே எழுதப் போவதில்லை. சேரும்போதே ஒன்பதாயிரம் ரூபாய்க்குச் சரக்கு எடுக்க வைத்திருக்கிறார்கள். அடுத்த மாதம் இன்னும் எடுத்தால்தான் கமிஷன் படி ஏறுமாம். பாதி கூட விற்கவில்லை, திருப்பி எடுத்துக்கொள்ள ஆளும் இல்லை. தேதி போய் ஒரு வருஷம் ஆகிவிட்டது. "ஃபேஸ் வாஷ்லதான் இப்ப வீட்டுல எல்லாரும் கை கழுவுறோம்" என்று சிரித்தார்.

அந்தப் பெட்டியைப் பார்த்த பிறகு யோசிக்க அதிகம் இல்லை. நான் கொடுக்கும் சரக்கு, விற்கும் வரை என்னுடைய சரக்கு.

பிப்ரவரி 9

பெட்டியில் என்ன போவது என்று உட்கார்ந்து எழுதினேன். 90 ரூபாய் சோப்பு 12, 240 ரூபாய்த் தலை எண்ணெய் 6, 120 ரூபாய் நலங்கு மாவு 6, 110 ரூபாய் லிப் பாம் 6, 180 ரூபாய்க் கண்மை 4. எம்ஆர்பி விலையில் மொத்தம் 4,620 ரூபாய். எல்லாம் விற்றால் அவருக்கு 1,155, எனக்கு 3,465.

சேர்க்கைக் கட்டணம் கிடையாது. 500 ரூபாய் முன்பணம், ரசீதோடு. பெட்டியைத் திருப்பிக் கொடுக்கும் அன்றே பணமும் திரும்பும். சீல் உடையாத பொருள் எதுவானாலும், எப்போது கொடுத்தாலும் எடுத்துக்கொள்வேன். பதினைந்து நாளுக்கு ஒரு முறை கணக்கு.

எத்தனை வீடு என்பதை ஆசையை வைத்து முடிவு செய்யவில்லை. எட்டு வீட்டுக்குக் கொடுத்தால் என் பணம் ஏறக்குறைய 28 ஆயிரம் வெளியே நிற்கும். அதில் பாதி வராமல் போனாலும் அடுத்த சோப்புக் காய்ச்சலுக்கு எண்ணெய் வாங்க முடியும். பத்து வீடென்றால் முடியாது. அதனால் எட்டு.

பிப்ரவரி 12

ஆடிட்டரிடம் போனேன். சரக்கு என்னுடையது, விற்பது அவர்கள் என்றால் பில் யார் பெயரில் என்பதுதான் முதலில் பார்க்க வேண்டியது என்றார். என் சரக்கை அவர்கள் தங்கள் பெயரில் பில் போட்டு விற்றால், ஜிஎஸ்டி சட்டப்படி என் ஏஜென்ட் ஆகிவிடுவார்கள். அப்படி விற்கும் ஏஜெண்டுக்கு, விற்பனை எவ்வளவு குறைவாக இருந்தாலும் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம். மாதம் ஆயிரம் ரூபாய் சம்பாதிக்கும் பெண்ணிடம் போய் ரிட்டர்ன் தாக்கல் செய் என்று சொல்ல முடியுமா? பில் என் பெயரில் போனால் விற்பனை என்னுடையது, வரி நான் கட்டுவேன், அவர்களுக்குக் கமிஷன் மட்டும். எட்டுப் பில் புத்தகம் அச்சடிக்கக் கொடுத்தாயிற்று, என் பெயர், என் ஜிஎஸ்டி எண்ணோடு.

அழகுசாதனப் பொருள் தயாரிக்கத்தான் லைசென்ஸ் வேண்டும், வீட்டில் வைத்து விற்க யாரும் தனி லைசென்ஸ் கேட்பதில்லை. இதையும் எல்லோரும் கேட்கிறார்கள், அதனால் எழுதி வைக்கிறேன். லேபிளில் என் லைசென்ஸ் எண், பேட்ச் எண், தேதி, எம்ஆர்பி இருக்கிறதா என்று எடுக்கும்போதே அவர்கள் பார்த்துக்கொண்டால் போதும்.

பிப்ரவரி 20

ஆள் எடுப்பது முடிந்தது. செல்லூரில் மூன்று, வில்லாபுரத்தில் இரண்டு, திருமங்கலம், சோழவந்தான், உசிலம்பட்டியில் ஒவ்வொன்று.

திருமங்கலத்தில் பார்த்த வேறொரு பெண் நல்ல பேச்சுக்காரர். "நாப்பது பர்சென்ட் தர்றாங்களேக்கா, நீங்க என்ன இருபத்தஞ்சு?" என்றார். நியாயமான கேள்வி, ஒரு தாளில் போட்டே காட்டினேன். 90 ரூபாய் சோப்பைச் செய்து, சுற்றி, பெட்டியில் வைக்க எனக்கு 38 ரூபாய் ஆகிறது. வரி 4 ரூபாய்ச் சொச்சம், உங்கள் கமிஷன் 22.50. மிச்சம் 25 ரூபாய். பெட்டியைக் கொண்டு வரும் செலவு, சாம்பிள், திரும்பி வரும் சரக்கின் நஷ்டம், என் கூலி எல்லாம் அதற்குள்தான். 40 சதவீதம் தர வேண்டுமென்றால் விலையை 115 ஆக்க வேண்டும். அந்த விலைக்கு உங்கள் தெருவில் எத்தனை பேர் வாங்குவார்கள் என்று கேட்டேன். யோசித்தார்.

அப்புறம், "சரி, நான் நாலு பேரைச் சேத்துவிட்டா அவங்க விக்கிறதுல எனக்கு என்ன?" என்றார். ஒன்றுமில்லை என்றேன். ஆள் சேர்ப்பதற்குக் காசு என்று ஆரம்பித்தால் அது வேறு தொழில். 1978ஆம் ஆண்டுப் பணச் சுழற்சித் திட்டத் தடைச் சட்டமும் 2021இல் வந்த நேரடி விற்பனை விதிகளும் அதைத்தான் தடுக்கின்றன. அவர் சேரவில்லை. வருத்தம்தான், ஆளை எனக்குப் பிடித்திருந்தது.

மார்ச் 7

முதல் கணக்கு. பெரும்பாலும் சோப்பு போயிருக்கிறது, வேறொன்றும் எழுத இல்லை. வில்லாபுரத்தில் ஒருவர் "ஏழே நாளில் முடி கொட்டுவது நிற்கும்" என்று ஸ்டேட்டஸ் வைத்திருந்தார். எடுக்கச் சொன்னேன். நோயைத் தீர்க்கும் என்று சொன்ன மாத்திரத்தில் எண்ணெய் மருந்துக் கணக்கில் போய்விடும், என்னிடம் இருப்பதோ அழகுசாதன லைசென்ஸ். அதைவிட, எட்டாவது நாள் அந்தத் தெருவில் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான்.

மார்ச் 22

ஒரு மாதக் கணக்குக்குச் சோழவந்தான் போனேன். பெண்ணுக்கு முப்பது வயதிருக்கும், இரண்டு பிள்ளைகள், வீட்டுக்காரர் லோடு வண்டி ஓட்டுகிறார். நோட்டில் தேதி வாரியாக எழுதி வைத்திருந்தார். விற்றது சோப்பு 11, எண்ணெய் 5, நலங்கு மாவு 4, லிப் பாம் ஒன்று, கண்மை ஒன்று. மொத்தம் 2,960 ரூபாய். கமிஷன் 740, எனக்கு வர வேண்டியது 2,220.

ஆனால் கையில் இருந்த பணம் 2,120தான். மீதி 840 கடன். "சம்பளம் வந்ததும் தர்றேன்னுதான் எல்லாம் சொல்லிருக்காக. என் கமிஷனை விட்டுட்டு, வேணும்னா வீட்டுப் பணத்தைப் போட்டு உங்களுக்குக் கொடுத்துர்றேங்க்கா" என்றார். வேண்டாம் என்றேன். இந்தத் தொழிலில் பெண்கள் கைவிட்டுப் போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். விற்பனை இருக்கும், நோட்டில் லாபம் இருக்கும், சமையல்கட்டு டப்பாவில் காசு குறைந்திருக்கும். கம்பெனிக்கு உடனே கட்டியாக வேண்டும், தெருவில் கடன் மெதுவாகத்தான் வரும்.

அதனால் வசூலான பணத்துக்கு மட்டும் கணக்கு முடித்தோம். 2,120இல் கமிஷன் 530ஐ அவர் எடுத்துக்கொண்டு 1,590 கொடுத்தார். 840 வரும்போது 210 அவருக்கு, 630 எனக்கு. கூட்டிப் பார்த்தால் அதே 740, அதே 2,220. யாருக்கும் நஷ்டமில்லை, எனக்குக் கொஞ்சம் தாமதம். ஒரே ஒரு கட்டுப்பாடு: கடன் ஆயிரத்தைத் தாண்டினால், அது குறையும் வரை புதுச் சரக்கு வராது. "அதச் சொல்லியே நானும் கேட்டு வாங்கலாம்" என்றார். உண்மை, "கம்பெனில சரக்கு நிறுத்திட்டாங்க" என்பது பக்கத்து வீட்டாரிடம் கேட்க நல்ல சாக்கு.

இதையும் மறைக்காமல் எழுதுகிறேன்: மாதம் முழுக்க அலைந்து 740 ரூபாய். சேர வருகிறவர்களிடம் இனி இந்தத் தொகையைத்தான் சொல்லப்போகிறேன்.

ஏன் லிப் பாம் போகவில்லை என்று பார்க்கப் பெட்டியைத் திறந்தேன். தகரக்கூரை வீடு, பெட்டி பரண்மேல். மூடியைத் திருகினால் மேலே எண்ணெய் முத்து முத்தாக நின்றது. விரலால் தடவினால் ரவை மாதிரி நெருடல். பகலில் இளகி, ராத்திரி மெதுவாக இறுகும்போது அதிலுள்ள ஷியா வெண்ணெய் மணல்மணலாகக் கட்டிக்கொள்கிறது. கெட்டுப்போகவில்லை, ஆனால் காசு கொடுத்து யார் வாங்குவார்? சீல் பிரியாதவற்றையும் சேர்த்து ஐந்தையும் எடுத்து வந்தேன். "நான்தான் மேல வச்சுட்டேன்" என்றார் பாவம். அந்த வீட்டில் கீழே எலி வரும், வேறு எங்கே வைப்பார்? மதுரை வெயிலைத் தாங்காத பொருளைக் கொடுத்தது நான், அவர் வீட்டுக் கூரையைக் குறை சொல்ல முடியாது. ஆவணி முடிகிற வரை ஓட்டு வீடு, தகர வீட்டுப் பெட்டிகளில் லிப் பாம் கிடையாது, பதிலுக்கு சோப்பு.

மார்ச் 29

என் தம்பி, பங்குனிக்கு 20 சதவீதத் தள்ளுபடி என்று எங்கள் இன்ஸ்டாகிராமில் போடலாம் என்றான். போட்டால் 90 ரூபாய் சோப்பை நானே 72க்கு விற்கிறேன் என்று ஆகும். எட்டு வீட்டிலும் வாசலில் நின்று, "உங்க கம்பெனியே கம்மியாத் தருதே" என்று கேட்பார்கள். அவர்களும் 72க்குக் கொடுத்தால் கமிஷனில் மிஞ்சுவது நாலரை ரூபாய். தள்ளுபடி என்றால் முதலில் அவர்கள் கைக்குப் போக வேண்டும், என் பங்கிலிருந்து. மூன்று சோப்புக்கு 240 என்று கட்டாகக் கொடுத்து, குறைகிற 30 ரூபாயை நான் ஏற்கிறேன், அவர்கள் கமிஷன் பழைய விலைக்கே. தம்பிக்குத் திருப்தி இல்லை. இருக்கட்டும்.

ஏப்ரல் 11

உசிலம்பட்டி அக்கா எண்ணெயைச் சின்னச் சின்னப் பழைய புட்டிகளில் ஊற்றி 50 ரூபாய்க்கு விற்றிருக்கிறார். 240 ரூபாயை ஒரே நேரத்தில் எடுக்க அங்கே ஆளில்லை என்பதை எனக்கு முன்னால் அவர் கண்டுபிடித்துவிட்டார். ஆனால் புட்டியில் பேட்ச் எண் இல்லை, கழுவியது எப்படி என்று தெரியாது, ஒருத்தருக்கு அரிப்பு வந்தால் எந்தப் பேட்ச் என்று தேட வழியில்லை. இனி ஊற்ற வேண்டாம் என்று சொல்லிவிட்டு, லேபிள் ஒட்டிய 40 மில்லிப் புட்டிக்கு ஆர்டர் கொடுத்திருக்கிறேன், 55 ரூபாய். முதல் பெட்டி அவருக்குத்தான்.

ஏப்ரல் 18

செல்லூரில் ஒருவர் நிறுத்திக்கொள்கிறார், மகளுக்குப் பேறுகாலம். பெட்டியை இருவரும் சேர்ந்து எண்ணினோம். எல்லாம் சரி, ஒரு கண்மையில் மட்டும் சீல் பிரிந்திருந்தது, யாரோ போட்டுப் பார்த்திருக்கிறார்கள். கண்ணில் பட்டதை இன்னொருவருக்கு விற்க முடியாது, குப்பைக்குத்தான். விதிப்படி அவர் பொறுப்பு, 180இல் கமிஷன் போக 135. பாதி பாதி என்று பேசி முடித்தோம். மீதி ஏழு வீட்டுக்கும் இனி ஒரு கண்மை, ஒரு லிப் பாம் மேலே "சாம்பிள்" என்று எழுதிப் போகும், கையின் புறத்தில் மட்டும் போட்டுக் காட்ட. முன்பணத்தில் 67.50 கழித்து 432.50ஐ அங்கேயே கொடுத்துக் கையெழுத்து வாங்கினேன்.

திரும்பி வந்ததில் ஆறு மாதத்துக்குக் குறைவாகத் தேதி உள்ளதை வேறு வீட்டுக்குக் கொடுப்பதில்லை. நலங்கு மாவு மூன்று அப்படி. அவற்றை எங்கள் வீட்டிலேயே தீர்க்க வேண்டும். காலியான இடத்துக்கு ஆள் சொல்வதாகச் செல்லூர்க்காரர்கள் சொல்லியிருக்கிறார்கள், வெள்ளிக்கிழமைக் கூட்டத்துக்குப் போக வேண்டும்.