"பங்கை விட்டிட்டன்": ஒரு சொல்லைப் பிழையாக விளங்கியபோது

மழை குறைந்த சிறுபோகத்தில் கிளிநொச்சி இரணைமடுக் குளத்துத் தண்ணீர் எல்லா வயலுக்கும் காணாது. குளத்தில் இருக்கும் நீரைப் பார்த்து எவ்வளவு விதைக்கலாம் என்று கூட்டத்தில் முடிவெடுப்பார்கள். அதில் ஆளுக்கொரு பங்கு வரும். குடும்பத்தைத் தனியாக நடத்தும் பெண்கள் அந்தப் பங்கை என்ன செய்கிறார்கள் என்பதுதான் என் முதுமாணி ஆய்வு. 14 பேரோடு பேசினேன்.

அதில் 9 பேர் ஒரே சொல்லைச் சொன்னார்கள்: "பங்கை விட்டிட்டன்." ஒலிப்பதிவை எழுத்தாக்கும்போது அந்த வரிகளுக்கெல்லாம் 'இழப்பு' என்று குறியீடு போட்டேன். ஆய்வின் முதல் கருப்பொருளே அதுதான் என்று எழுதியும் விட்டேன். மேற்பார்வையாளர் வாசித்துவிட்டு ஒன்றுதான் கேட்டார்: "இழப்பு எண்டு அவை சொன்னவையா, நீர் சொன்னீரா?"

பண்புசார் ஆய்வின் நம்பகத்தன்மைக்கு இவொன்னா லிங்கன், எகான் குபா என்ற இரு ஆய்வாளர்கள் 1985இல் நான்கு அளவுகோல்களை வைத்தார்கள். அவற்றில் முதலாவது நம்பத்தகுதன்மை: நான் எழுதியது, பேசியவர்களின் அனுபவத்தோடு ஒத்துப்போகிறதா என்பது. அதைச் சோதிக்க மிக முக்கியமான வழி, எழுதியதைப் பேசியவர்களிடமே கொண்டுபோய்க் காட்டுவது என்பதும் அவர்கள் சொன்னதுதான்.

சரி என்று இரண்டு பக்கச் சுருக்கத்தோடு போனேன். வாசித்துக் காட்டினேன். எல்லாரும் "ஓம் பிள்ளை, சரி" என்றார்கள், தேத்தண்ணி தந்தார்கள். அன்றிரவு குறிப்பேட்டில் 'அனைவரும் உடன்பட்டனர்' என்று எழுதும்போதே உறுத்தியது. படித்த பிள்ளை வீடு தேடி வந்து வாசிக்கும்போது யார் முகத்துக்கு நேரே பிழை என்பார்கள்? மரியாதைக்காகச் சொல்லும் 'ஓம்' ஆய்வுக்குச் சான்றாகாது.

இரண்டாம் முறை போனபோது சுருக்கத்தை வாசிக்கவில்லை. அவரவர் சொன்ன வரியையும் அதற்கு நான் போட்ட அர்த்தத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, "இதில உங்கட கதை இல்லாதது எது?" என்று கேட்டேன். வாய்க்காலின் கடைசியில் வயல் வைத்திருக்கும் ஒரு அக்கா உடனே பிடித்துக்கொண்டார்.

"இழந்தது எண்டு ஏன் போட்டனீ? என்ர துண்டுக்குத் தண்ணி வந்து சேராது. மாமான்ர காணி மேல கிடக்கு. என்ர பங்கையும் சேர்த்து அவர் அங்க விதைக்கிறார். விளைஞ்சா எனக்கு நெல்லு வரும். காலபோகத்துக்கு அவர்தான் என்ர வயலையும் உழுது தாறவர்."

அவர் சொன்ன 'விட்டிட்டன்', மாமாவின் காணிக்குள் விட்டுவைத்தேன் என்ற பொருளில் வந்தது. நான்தான் அதை 'கைவிட்டேன்' என்று விளங்கியிருக்கிறேன். மற்ற எட்டுப் பேரிடமும் அந்த ஒரு சொல்லை மட்டும் திரும்பக் கேட்டேன். ஆறு பேருக்கு இதுபோலவே நெல்லோ உழவோ திரும்பி வந்தது. கருப்பொருளை 'கைமாற்று' என்று மாற்றினேன். மிச்சம் இரண்டு பேர் உண்மையாகவே இழந்தவர்கள். கேட்கப்போனால் சண்டை வரும் என்று பேசாமல் இருந்தவர்கள். அவர்களைப் புதிய கருப்பொருளுக்குள் அமுக்கிவிட மனம் வரவில்லை. எங்கே கைமாற்று உடைகிறது என்பதற்கு அவர்கள்தான் சாட்சி: இருவருக்கும் வாங்கியவர் உறவுக்காரர் இல்லை.

ஏன் முதலில் அதை இழப்பு என்று விளங்கினேன்? குறிப்பேட்டைப் புரட்டினால் விடை இருந்தது. என் அம்மாவின் காணி ஒரு உறவினர் கைக்குப் போய்த் திரும்பவே இல்லை. நேர்காணல் தொடங்கிய வாரத்திலேயே அதைப் பற்றி ஒன்றரைப் பக்கம் எழுதியிருக்கிறேன். அந்தப் பக்கத்தை ஆய்வேட்டின் முறையியல் பகுதியில் சேர்த்தேன். முடிவு தரவிலிருந்து வந்ததா, என் மனதிலிருந்து வந்ததா என்று வாசிப்பவர் பார்க்க முடிய வேண்டும். அந்த நான்கு அளவுகோல்களில் உறுதிப்படுத்தும் தன்மை என்பது அதுதான். ஒவ்வொரு முடிவுக்கும் பக்கத்தில் நேர்காணல் எண்ணையும் வரி எண்ணையும் போட்டதும் இதற்காகவே.

இன்னொரு அளவுகோல் நிலைத்தன்மை: ஆய்வு போன வழியை வேறொருவர் தொடர்ந்து பார்க்க முடிய வேண்டும். அதற்காகப் பழைய குறியீட்டுப் பட்டியலை அழிக்காமல் வைத்திருந்தேன். 'இழப்பு' எந்தத் திகதியில், யாருடைய எந்தப் பேச்சால் 'கைமாற்று' ஆனது என்று ஒரு தாளில் இருந்தது. இந்த ஆய்வில் தொடர்பில்லாத நண்பி ஒருத்தி அந்தத் தாள்களை மட்டும் வைத்து நான் போன வழியைத் தொடர்ந்து பார்த்தாள். இரண்டு இடத்தில் காரணம் எழுதாமல் குறியீட்டை மாற்றியிருந்ததைக் கண்டுபிடித்தாள்.

கடைசியில் சிக்கியது மிஞ்சிய அளவுகோலான இடமாற்றத்தன்மையில். என் முடிவு வேறு குளத்துக்குப் பொருந்துமா என்பதை அந்த ஊரை அறிந்த வாசகர்தான் தீர்மானிப்பார். அதற்கு நான் இந்த ஊரை விரிவாக எழுதிக் கொடுக்க வேண்டும்: காணி எவ்வளவு, வாய்க்காலின் தலையிலா கடைசியிலா, கூட்டத்துக்கு யார் போகிறார்கள், பங்கு யாரிடம் போகிறது. மழையை மட்டும் நம்பி விதைக்கும் இடத்தில் பங்கு என்ற பேச்சே இல்லை. அதை வாசகர் உடனே உணர வேண்டும். ஆனால் சின்ன ஊரில் அவ்வளவு விபரம் எழுதினால் ஆள் யார் என்று தெரிந்துவிடும். இழந்த இருவரில் ஒருவர், "வாய்க்கால் நம்பரைப் போடாத தங்கச்சி, நாளைக்கும் நான் அந்தத் தண்ணியிலதான் விதைக்கோணும்" என்றார். எடுத்துவிட்டேன். எந்த விபரம், எதற்காக எடுக்கப்பட்டது, அதனால் ஒப்பிடுவது எங்கே கடினமாகும் என்று அந்த இடத்திலேயே ஒரு பந்தி எழுதி வைத்திருக்கிறேன்.