அண்ணைக்கு எழுதிய ஐந்து வரி

கிளிநொச்சியில் ஒரு அரிசி ஆலையில் கணக்குப் பார்க்கிறேன். ஆலையின் முகநூல் பக்கமும் என் கையில்தான். போன போகம் புது அரிசி வந்த படத்தைப் போட்டு ஒரு மணித்தியாலம் ஆகவில்லை. முன்பு எங்களிடம் மூட்டை நிறுக்கும் வேலை பார்த்த அண்ணை ஒருவர் கீழே எழுதியிருந்தார்: “நாலு வருசம் முறிஞ்சனான். கடைசி மாசச் சம்பளமும் இல்லை, ரெண்டு மாச ஈபிஎப்பும் இல்லை. கள்ளர்.”

முதலாளி “அழிச்சுவிடு பிள்ளை” என்றார். அழித்தால் அவர் திரும்ப எழுதுவார், அதுவும் அழித்த கதையோடு சேர்த்து. மறைத்தாலும் எழுதியவருக்கும் அவருடைய நண்பர்களுக்கும் அது தெரிந்துகொண்டுதான் இருக்கும். பரந்தனிலிருந்து முறிகண்டி வரை அவருக்கு நண்பர் இல்லாத ஒழுங்கை எது? திரைப்பிடி ஒன்று எடுத்து வைத்துவிட்டுக் கோப்புகளை இறக்கினேன்.

சம்பளம் கொடுத்தாயிற்று, வவுச்சரில் அவருடைய கையெழுத்து இருந்தது. ஈபிஎப் விசயத்தில் அவர் சொன்னது சரி. 40,000 ரூபாய்ச் சம்பளத்தில் அவருடைய 8 வீதம், 3,200 ரூபாய், வெட்டியிருக்கிறோம். எங்களுடைய 12 வீதம், 4,800, அதோடு சேர்த்து அடுத்த மாத முடிவுக்குள் கட்டியிருக்க வேண்டும். நெல் வாங்கக் காசு முட்டுப்பட்ட இரண்டு மாதமும் கட்டவில்லை. மொத்தம் 16,000. பிந்தியதற்கு மேலதிகக் கட்டணம் வேறு.

கோபத்தில் நான் முதலில் எழுதியது பதினொரு வரி. “நீங்கள் ஏன் வேலையை விட்டீர்கள் என்பது ஊருக்கே தெரியும்” என்று தொடங்கியது. வவுச்சரைப் படம் பிடித்துப் போடவும் நினைத்தேன். அதில் அவருடைய அடையாள அட்டை இலக்கம் இருந்தது. அதோடு, சம்பளத்தில் நாங்கள் வென்று காட்டினால் ஈபிஎப்பை மழுப்புகிறோம் என்றுதான் பார்க்கிறவர் நினைப்பார். முழுவதையும் அழித்தேன்.

வெள்ளிக்கிழமை கட்டுவதாக முதலாளியிடம் வாக்கு வாங்கிய பிறகுதான் திரும்ப எழுதினேன். திகதி இல்லாமல் “கவனிக்கிறோம்” என்று போடுவதற்குப் போடாமலே இருக்கலாம்.

“வணக்கம் அண்ணை.
பதிவேட்டைப் பார்த்தோம். இரண்டு மாத ஈபிஎப் கட்டப்படவில்லை.
பிழை எங்களுடையது.
வெள்ளிக்கிழமைக்குள் கட்டிப் பற்றுச்சீட்டின் பிரதியை உங்களிடம் தருவோம்.
சம்பள விசயத்தை நேரில் பேச இன்று பின்னேரம் அழைக்கிறேன்.”

“கள்ளர்” என்ற சொல்லை நான் தொடவில்லை. கீழே வேறு ஆட்கள் கிளப்பிவிட்டதற்கும் பதில் எழுதவில்லை. முதலாளிக்குத்தான் “பிழை எங்களுடையது” தொண்டையில் சிக்கியது. தொழில் திணைக்களத்திடம் இது ஒப்புதலாகப் போகாதா என்று கேட்டார். கட்டாத மாதம் நாங்கள் எழுதினாலும் எழுதாவிட்டாலும் பதிவில் வெறுமையாகத்தானே கிடக்கும் என்றேன்.

பின்னேரம் அழைத்தேன், எடுக்கவில்லை. மறுநாள் அவரே எடுத்துப் பத்து நிமிசம் ஏசினார். சம்பளக் கதைக்கு வவுச்சரின் திகதியைச் சொன்னதும் கொஞ்சம் பேசாமல் இருந்தார்.

வெள்ளிக்கிழமை கட்டிவிட்டுப் பிரதியை வீட்டுக்கே கொண்டுபோனேன். அந்தக் கருத்தை எடுக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் காசு கொடுத்து வாயை மூடப் பார்க்கிறார்கள் என்று ஆகியிருக்கும். படலையில் வைத்துத் தேத்தண்ணி குடிக்கிறியளோ என்று கேட்டார்.

இரவு என் பதிலுக்குக் கீழே “கட்டியிட்டினம்” என்று ஒரு சொல் எழுதியிருந்தார். “கள்ளர்” இன்னும் மேலே அப்படியே இருக்கிறது.