மெர்ச்சண்டைசர் போகலாம், மெயில் போகக் கூடாது

திருப்பூரில், பையர்களுக்காகத் துணி ஆர்டர்களைக் கவனிக்கும் ஒரு சின்ன பையிங் ஆபீஸில் வேலை பார்க்கிறேன். கணக்கு என் வேலை; கம்ப்யூட்டர் சம்பந்தப்பட்ட தலைவலிகளும் சேர்த்து என் மேசைக்கே வரும். எங்கள் சீனியர் மெர்ச்சண்டைசர் வேறு கம்பெனிக்குப் போகிறார் என்றதும் முதலாளி சொன்னது இவ்வளவுதான்: "அவங்க மெயில் ஐடியை டெலீட் பண்ணிடுங்க, மாசாமாசம் காசு போகுது."

காசு போவது உண்மைதான். ஆனால் எங்கள் தொழிலில் ஷேடு அப்ரூவல், அளவு மாற்றம், பேக்கிங் மாற்றம் எல்லாம் மெயிலில்தான் முடிவாகும். சரக்கு கப்பலேறிப் பல மாதம் கழித்து பையர் கிளெய்ம் போட்டால், "இந்தத் தேதியில் நீங்களே ஓகே சொன்னீர்கள்" என்று காட்ட அந்த மெயில் வேண்டும்.

நாங்கள் வைத்திருப்பது கூகுள் வொர்க்ஸ்பேஸ். அதில் ஒருவரை டெலீட் செய்யப் போனால், அவருடைய டிரைவ் ஃபைல்களையும் காலண்டரையும் யாருக்கு மாற்றட்டும் என்று கேட்கும். மெயிலைப் பற்றி அந்த இடத்தில் பேச்சே இருக்காது. மெயிலும் சேர்ந்து அவருக்கே மாறிவிடும் என்று நினைத்துப் பட்டனை அழுத்திவிட்டால், கணக்கை மீட்க 20 நாள்தான் அவகாசம். சரி, சஸ்பெண்ட் செய்து வைக்கலாம் என்றால் அதற்கும் லைசன்ஸ் கட்டணம் ஓடும். அதைவிட மோசம், பையர் அனுப்பும் புது மெயில் உள்ளே வராமல் திரும்பிப் போகும். அதனால் இரண்டையும் தொடாமல், கணக்கை உயிரோடு வைத்துக்கொண்டே வேலையை ஆரம்பித்தேன்.

கடைசி நாளில் அவரோடு உட்கார்ந்து, சொந்த மெயில்களை அவரையே எடுத்துக்கொள்ளச் சொன்னேன். எல்ஐசி ரசீது, பிள்ளையின் ஸ்கூல் ஃபீஸ், பேங்க் ஸ்டேட்மென்ட் எல்லாம் ஆபீஸ் ஐடிக்கே வந்துகொண்டிருந்தன. அவற்றை நாங்கள் படிப்பது நாகரிகமில்லை. கைதவறி ஆபீஸ் மெயில் அழிந்து, குப்பைத் தொட்டியிலிருந்தும் போய்விட்டால்கூட, 25 நாளுக்குள் அட்மின் பக்கத்தில் `Restore data` மூலம் மீட்கலாம். அந்தத் தெம்பில்தான் அவரையே அழிக்கவும் விட்டேன்.

அவர் கிளம்பியதும் பாஸ்வேர்டை மாற்றி, `Sign-in cookies` பகுதியில் `Reset` கொடுத்தேன். மீட்புக்கான அவருடைய போன் எண்ணையும் சொந்த மெயிலையும் எடுத்துவிட்டேன். அவர் ஐடியில் நான் நுழையும்போது அவர் போனுக்குத்தான் உறுதிப்படுத்தல் போகும். அதற்குப் பதில் அட்மின் பக்கத்திலேயே பேக்கப் கோடு எடுத்துக்கொள்ளலாம். உள்ளே போனதும் முதலில் பார்த்தது ஃபார்வேர்டிங். பாஸ்வேர்டை எத்தனை முறை மாற்றினாலும் ஏற்கெனவே வைத்த ஃபார்வேர்டு ஓடிக்கொண்டேதான் இருக்கும். செட்டிங்ஸில் ஃபார்வேர்டிங் பக்கத்தில் மொத்த ஃபார்வேர்டு அணைந்தே இருந்தது. ஆனால் ஃபில்டர்களில் ஒன்று, ஒரு குறிப்பிட்ட பையரின் மெயிலை மட்டும் அவருடைய சொந்த ஜிமெயிலுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை, ராத்திரி வீட்டிலிருந்து பார்க்க எப்போதோ வைத்தது. இரண்டு இடத்தையும் பார்க்காவிட்டால் இது தெரியாமலே போயிருக்கும்.

அடுத்ததுதான் நேரம் பிடித்த வேலை: இந்த ஐடியை நம்பி எந்தெந்தக் கணக்குகள் இருக்கின்றன என்று கண்டுபிடிப்பது. யாருக்கும் நினைவில்லை, மெயில்பாக்ஸுக்கு மட்டும் தெரியும். இப்படித் தேடினேன்:

```
in:anywhere (otp OR verification OR "password reset" OR renewal OR invoice)
```

வந்தவற்றை அனுப்புநர் வாரியாக ஒரு ஷீட்டில் எழுதினேன். கூரியர் கணக்கு, டெஸ்டிங் லேபின் ரிப்போர்ட் தளம் எல்லாம் எதிர்பார்த்ததுதான். டொமைன் புதுப்பிப்பு அறிவிப்பு வந்ததைப் பார்த்ததும்தான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். எங்கள் வெப்சைட்டும் எல்லாருடைய மெயிலும் நிற்பது அந்த டொமைன் மேல்தான். அது காலாவதியானால் ஆபீஸுக்கே மெயில் நின்றுவிடும், அறிவிப்போ யாரும் திறக்காத பெட்டிக்குப் போயிருக்கும். ஜிஎஸ்டி போர்ட்டலிலும் கையொப்ப அதிகாரிக்கு நேரே இவருடைய மெயில்தான் இருந்தது. அதை `Non-core` திருத்தத்தில் மாற்றலாம், வரி அதிகாரியின் ஒப்புதலுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. ஒவ்வொன்றையும் மாற்றி, புது முகவரிக்கு ஒரு ஓடிபி வந்து சேர்வதைப் பார்த்த பிறகே ஷீட்டில் டிக் போட்டேன்.

அப்புறம் பழைய மெயில்களை அவர் இடத்துக்கு வந்தவரின் பெட்டிக்கு நகலெடுக்க வேண்டும். அப்படியே நகலெடுத்தால் பழைய இன்பாக்ஸும் புதியவரின் இன்பாக்ஸும் கலந்து, யாருக்கு வந்த மெயில் எது என்று புரியாது. அதனால் முதலில் பழைய பெட்டியில் எல்லா மெயிலையும் தேர்ந்தெடுத்து ஒரு லேபிள் ஒட்டி, ஆர்க்கைவ் செய்தேன். ஜிமெயில் முதலில் அந்தப் பக்கத்தில் தெரிவதை மட்டும்தான் தேர்வு செய்யும். மேலே வரும் வரியை அழுத்தினால்தான் மொத்தமும் சேரும். பிறகு அட்மின் பக்கத்தில் `Data migration` மூலம் நகல். அதற்குப் பழைய கணக்கு உயிரோடு இருக்க வேண்டும், சஸ்பெண்ட் செய்திருந்தால் நடக்காது. லேபிள்களும் கூடவே வந்துவிட்டன. பழைய சீசனில் ஒரு பையர் சாய மாதிரிக்குக் கொடுத்த லேப் டிப் அப்ரூவலை இரண்டு பெட்டியிலும் தேடி, அட்டாச்மென்ட் திறக்கிறதா என்று பார்த்தேன். இதுபோல ஒவ்வொரு பையருக்கும் ஒன்று. கூடுதல் பாதுகாப்புக்கு கூகுள் டேக்அவுட் மூலம் எம்பாக்ஸ் ஃபைலாகவும் காண்டாக்ட்ஸோடு சேர்த்து எடுத்து, ஆபீஸ் ஹார்ட் டிஸ்கில் வைத்தேன்.

இனி முகவரி. பையர்கள் பழக்கத்தில் பழைய ஐடிக்கே எழுதுவார்கள். டெலீட் செய்துவிட்டு அதைப் புதியவரின் மாற்று முகவரியாகப் போடலாம், ஆனால் அவரும் ஒருநாள் போனால் இதே கதைதான். அதனால் அந்த முகவரியை, வரும் மெயிலை உறுப்பினர்களுக்கு அனுப்பும் ஒரு கூகுள் குரூப்பாக மாற்ற முடிவு செய்தேன். டெலீட் செய்வதற்கு முன்னால் கணக்கின் பெயரை மாற்றிவிட்டேன், பழைய பெயருக்குப் பின்னால் `-old` சேர்த்து. மாற்றியதும் பழைய முகவரி அதே கணக்கின் மாற்று முகவரியாகத் தானே நிற்கும். அதை நீக்கினால் முகவரி விடுபடும், அந்தப் பெயரில் குரூப் உருவாக்கலாம். பெட்டியோ உள்ளே பத்திரமாக இருக்கும், ஏதாவது விட்டுப்போயிருந்தால் திரும்பிப் பார்க்கலாம். நடுவில் கொஞ்ச நேரம் மெயில் திரும்பிப் போகும் என்பதால், பையர்கள் எழுதாத ஞாயிற்றுக்கிழமையில் செய்தேன்.

குரூப்பில் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். `Who can post` என்பதை `Anyone on the web` என்று மாற்றாவிட்டால், வெளியிலிருந்து வரும் மெயில் சேராது. உள்ளிருந்து சோதித்தால் எல்லாம் சரியாகவே தெரியும். என் சொந்த ஜிமெயிலிலிருந்து அனுப்பித்தான் உறுதி செய்தேன். சந்தேகப்படும் மெயில்களை குரூப் தனியாக நிறுத்தி வைக்கும், அதனால் `Pending` பக்கத்தை அவ்வப்போது திறந்து பார்க்கும் வேலையைப் புதியவரிடம் கொடுத்திருக்கிறேன்.

குரூப்புக்கு லைசன்ஸ் தேவையில்லை. ஷீட்டில் எல்லா டிக்கும் விழுந்த பிறகு `-old` கணக்கை டெலீட் செய்து, டிரைவ் ஃபைல்களை முதலாளி பெயருக்கு மாற்றினேன். முதலாளிக்குத்தான் கொஞ்சம் ஏமாற்றம். நாங்கள் எடுத்திருப்பது வருடத் திட்டம். நடுவில் ஆள் குறைந்தாலும் ரினியூவல் வரை லைசன்ஸ் எண்ணிக்கை குறையாது. காலியான அந்த ஒன்றை, அதுவரை ஐடி இல்லாமல் என் மெயிலிலேயே அனுப்பிக்கொண்டிருந்த டாக்குமென்டேஷன் பையனுக்குக் கொடுத்துவிட்டேன்.