பதினேழு மாம்பழம், அஞ்சு பேர்

நத்தம் சந்தையில் வாங்கின பழம் 17. திண்ணையில் பிள்ளைகள் 5 பேர். மூணாம் வகுப்புக்கு இன்னைக்கு இதுதான் கதை.

முத்து பங்கு வைக்கிறான். ஒரு சுற்றுக்கு ஆளுக்கு ஒண்ணு. ரெண்டு சுற்று முடிஞ்சதும் கையைத் தட்டிட்டான்: "ஆளுக்கு 2, மீதி 7!"

கூட்டல் சரிதான், 10-ம் 7-ம் 17. ஆனா பங்கு முடியலை. பிள்ளைகள் அதிகம் தடுமாறுற இடம் இதுதான்.

"கூடையில 7 இருக்கே, இன்னொரு சுற்று வராதா?"னு செல்வி கேட்கிறாள். வரும். ஆளுக்கு 3, மீதி 2. ரெண்டு பழத்தை அஞ்சு பேருக்குச் சுற்ற முடியாது, அங்கேதான் நிறுத்தணும்.

(கதையில் கத்தி வேண்டாம். வந்தால் அந்த ரெண்டையும் அறுத்துப் பின்னத்துக்குப் போயிடுவாங்க.)

சரிபார்க்க, பழத்தைத் திரும்பக் கூடையில் போடச் சொல்லுங்க: 5 × 3 = 15, அதோட 2, மொத்தம் 17.

அப்போ பக்கத்து வீட்டுப் பாண்டி வந்து உட்கார்ந்தான். இப்போ 6 பேர். ஆளுக்கு 2, மீதி 5.

"அஞ்சு மிச்சமா? தப்பு!"னு முத்து கத்துறான்.

செல்வி தலைகளை எண்ணிக் காட்டுகிறாள். ஆறு.