மூன்று மினிட், ஒன்றிலும் கையெழுத்து இல்லை

மலேசியாவில் சுங்கை சிப்புட்டில் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு டியூஷன் நடத்தும் சின்னச் சங்கம் எங்களுடையது. செயலவையில் ஒன்பது பேர், யாருக்கும் சம்பளம் கிடையாது, அலுவலகம் என்றால் பொருளாளர் வீட்டு முன்கூடம்தான். போன தடவை பொருளாளர் மாறியதும், காசோலையில் கையெழுத்துப் போடுபவரை மாற்ற வங்கிக்குப் போனோம். தீர்மானம் எடுத்த கூட்டத்தின் மினிட்டை, அதாவது கூட்டக் குறிப்பை, கொண்டு வாருங்கள் என்றார்கள்.

பழைய செயலாளர் வேலை மாறி ஜொகூர் போய்விட்டார், மினிட் அவருடைய சொந்தக் கூகள் கணக்கில் இருந்தது. அவர் தேடி அனுப்பியது ஒன்று, தலைவரிடம் இருந்தது ஒன்று, வாட்ஸ்அப் புலனக் குழுவில் கிடந்தது ஒன்று. மூன்றிலும் தீர்மானத்தின் வாசகம் வேறு வேறு, கையெழுத்து எதிலும் இல்லை. மறுபடி கூட்டம் போட்டுத் தீர்மானம் எடுக்க மூன்று வாரமானது, அதுவரை ஆசிரியர்களுக்குக் கொடுக்க வேண்டிய படி நின்றுபோனது.

புலனத்தில் தேடும்போதுதான் இன்னொன்று கண்ணில் பட்டது. கட்டணம் தள்ளுபடி செய்த ஒரு பையனின் பெயரும் அவன் வீட்டுக் கடன் விவரமும் அந்த வரைவில் அப்படியே இருந்தன; அந்தக் குழுவிலோ பெற்றோர்களும் இருக்கிறார்கள். “தம்பி, நீங்க பேசுனது சரி, அதை ஊரே படிக்கணுமா?” என்று அவன் அம்மா ஒருநாள் கேட்டது அப்போதுதான் எனக்கு விளங்கியது.

அப்புறம் உட்கார்ந்து விதி எழுதினோம். வரைவு ஏழு நாளுக்குள் செயலவைக்கு மட்டும் போகும், மேலே ‘வரைவு’ என்று பெரிதாக இருக்கும். அடுத்த கூட்டத்தில் திருத்தி ஏற்றதும் தலைவரும் செயலாளரும் கையெழுத்திட்ட ஒரே பிரதிதான் மினிட். அது `2024-03-10_minit_sah.pdf` என்ற மாதிரிப் பெயரில் சங்கத்தின் சொந்தக் கணக்கில் ஏறும், தாள் பிரதி கோப்பில் போகும். கடவுச்சொல் இருவரிடம். உதவி கேட்டவர்களின் பெயர் மினிட்டில் வராது, எண் மட்டும்; பெயர்ப் பட்டியல் செயலாளரின் பூட்டிய பெட்டியில். பெற்றோருக்கும் உறுப்பினர்களுக்கும் முடிவுகள் மட்டும் போகும்.

எவ்வளவு காலம் வைப்பது? கையெழுத்திட்ட மினிட் சங்கம் இருக்கும்வரை இருக்கும். ரசீது, பில் எல்லாம் 7 ஆண்டு, வருமானவரிக்குப் பதிவேடுகளை வைக்கச் சொல்லும் காலம் அதுதான். ஆண்டுக்கூட்ட மினிட்டுக்கு மட்டும் அவசரம் உண்டு, 1966 சங்கங்கள் சட்டப்படி கூட்டம் முடிந்து 60 நாளுக்குள் ஆண்டறிக்கை சங்கப் பதிவிலாகாவுக்குப் போயாக வேண்டும்.

சண்டை வந்தது கூட்டத்தின் ஒலிப்பதிவில். மினிட் ஏற்கப்பட்டதும் அழிக்கலாம் என்றேன். “நாளைக்கு யாராவது இல்லேன்னு சொன்னா?” என்றார் மூத்த உறுப்பினர் ஒருவர். பதிவு இருந்தால் அதுவே இரண்டாவது மினிட் ஆகிவிடும், அப்புறம் எது செல்லும் என்று ஒவ்வொரு தடவையும் வாதாட வேண்டிவரும், ஆட்சேபணை இருந்தால் அடுத்த கூட்டத்தில் திருத்தமாகச் சொல்லுங்கள் ஐயா என்றேன். அரை மனதாக ஒத்துக்கொண்டார்.

சங்கக் கணக்கில் உள்ளதை அழிப்பது எளிது. ஒன்பது பேரின் போனில் இருக்கும் பழைய வரைவுகளுக்குத்தான் வழியில்லை. ஒவ்வொரு கூட்டத்தின் தொடக்கத்திலும் “அழிச்சாச்சா?” என்று கேட்கிறேன், எல்லாரும் தலையாட்டுகிறார்கள்.